தூக்கம் வராத பிள்ளைக்கு மெலடோனின்: எவ்வளவு, எத்தனை மணிக்கு?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரவு 8.30க்குப் படுக்க வைத்தால் 11 மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறான். கால் உளைகிறது, அமுக்கிவிடுங்கள் என்கிறான். பாடசாலை வேனுக்காகக் காலை 5.30க்கு எழுப்ப வேண்டும். துபாயில் வேலை செய்யும் தங்கை மெலடோனின் ஜெலி இனிப்புப் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறாள், ஒன்றில் 5 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. டவுன் பாமசியில் 3 மில்லிகிராம் குளிசையில் பாதி கொடுக்கலாம் என்கிறார்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுப்பது?
(ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: போத்தலைத் திறக்காமல் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மெலடோனின் கொடுப்பதென்று உங்கள் வைத்தியர் முடிவு செய்தால், இந்த வயதில் தொடங்கும் அளவு 0.5 மில்லிகிராம், மிஞ்சினால் 1 மில்லிகிராம். நேரம், விளக்கை அணைத்துப் படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கால் உளைச்சல்தான் எனக்கு முதலில் பட்டது. அதைப் பார்க்காமல் எந்தக் குளிசையையும் தொடங்க வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மெலடோனின் ஆளை அடித்துப் போடும் தூக்க மருந்து அல்ல. மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருட்டத் தொடங்கியதும் தானாகவே சுரக்கும் ஒரு பொருள் அது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்வதே அதன் வேலை. அதனால்தான் சிறிய அளவே போதுமாக இருக்கிறது, அளவைக் கூட்டினால் தூக்கமும் அதே கணக்கில் கூடுவதில்லை. குளிசையாக உட்கொண்ட சாதாரண மெலடோனினில் பாதி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், அது தூங்கத் தொடங்குவதற்கு உதவுமே தவிர, நடு இரவில் விழிக்கும் பிள்ளையை மீண்டும் தூங்க வைக்க உதவாது. நள்ளிரவில் விழித்தான் என்று இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டுப் போத்தல்களைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். அமெரிக்காவில் இது மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறதா என்று விற்பனைக்கு முன் அரச நிறுவனம் எதுவும் சோதிப்பதில்லை. 2023 ஆம் ஆண்டு அங்கு 25 மெலடோனின் ஜெலி இனிப்புகளைச் சோதித்தபோது 22 இல் லேபிளும் உள்ளடக்கமும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் எழுதியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது, இன்னொன்றில் மெலடோனினே இல்லை. அப்படியானால் உங்களிடமுள்ள 5 மில்லிகிராம் இனிப்பில் 4 இருக்கலாம், 15 உம் இருக்கலாம். எழுதியபடியே இருந்தாலும் அது தொடக்க அளவைப் போலப் பத்து மடங்கு. ஜெலியைக் கத்தியால் பத்தாக வெட்டிச் சரியான அளவை எடுக்க யாராலும் முடியாது. போதாக்குறைக்கு அது மிட்டாய்ச் சுவையில் இருக்கிறது. வீட்டில் இன்னொரு சிறு பிள்ளை இருந்தால் போத்தலையே காலி செய்துவிடும். சூட்கேசில் பத்துப் போத்தல் கொண்டுவந்து பேஸ்புக்கில் 'இயற்கையானது, பக்கவிளைவே இல்லாதது' என்று விற்பவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள்.

பாமசிக்காரர் சொன்ன பாதிக் குளிசையும் சரியல்ல. 3 மில்லிகிராமில் பாதி 1.5, தொடக்கத்துக்கு அது அதிகம். வைத்தியரின் சீட்டோடு போய், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்ட, கிடைப்பதில் மிகக் குறைந்த அளவுள்ள சாதாரணக் குளிசையைக் கேளுங்கள். 3 மில்லிகிராம் மட்டுமே கிடைத்தால் அதைக் குளிசை வெட்டும் கருவியால் நான்காக்கி ஒரு கால் பங்கு கொடுக்கலாம், அது 0.75 மில்லிகிராம், தொடங்குவதற்குப் போதும். மருந்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்யப்பட்ட குளிசையை வெட்டவோ நசுக்கவோ கூடாது, வெட்டினால் அந்தத் தன்மை போய்விடும். பெயரோ அளவோ காலாவதித் திகதியோ இல்லாத சிறு காகித உறையில் நான்கு குளிசையைப் போட்டுக் கொடுத்தால் வாங்காமல் வாருங்கள். மருந்தாளர் கடையில் இல்லாத வேளையில் உதவிக்கு நிற்கும் பையன் அளவு சொல்லும் நிலை நம் டவுன்களில் எத்தனை காலத்துக்குத் தொடரப் போகிறதோ தெரியவில்லை.

சிலர் இதற்குப் பதிலாகச் சளிக்கும் சொறிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமைன் பாணியை ஒரு கரண்டி கொடுத்துத் தூங்க வைக்கச் சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம். மறுநாள் வகுப்பில் பிள்ளை மந்தமாக இருப்பான்; கால் உளைச்சல் உள்ள பிள்ளைக்கு அந்த வகை மருந்து உளைச்சலைக் கூட்டவும் கூடும்.

இனி அந்தக் கால். பகலெல்லாம் ஓடியாடிவிட்டு, படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் இருக்கிறது, அசைத்தால் அல்லது அமுக்கிவிட்டால் அடங்குகிறது, அசையாமல் கிடந்தால் திரும்ப வருகிறது என்றால், அது வளரும் வயதின் நோவு என்று தள்ளிவிடக் கூடியதல்ல. அமைதியற்ற கால் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தொல்லைக்குப் பிள்ளைகளில் அடிக்கடி காரணமாக இருப்பது உடலின் இரும்புச் சத்துச் சேமிப்புக் குறைவது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு 'இரத்தம் நன்றாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஹீமோகுளோபின் குறையும் முன்பே சேமிப்புக் கரைந்துவிடும். சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் என்னும் வேறொரு பரிசோதனை. கால் உளைச்சல் உள்ள பிள்ளைக்கு அது ஒரு லீற்றருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்துக் கொடுத்துப் பார்ப்போம். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், சுகமாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும். இந்த ஒரு பரிசோதனைக்காகத் தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழந்து தாய்மார் அலைய வேண்டியிருப்பதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனாலும் கேட்டு வாங்குங்கள். 'பெரிட்டின்' என்ற சொல்லை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சேமிப்புக் குறைவாக இருந்தால் இரும்புப் பாணி அல்லது குளிசையை வைத்தியர் எடைக்கேற்ற அளவில் எழுதுவார். பலன் தெரிய வாரங்கள் எடுக்கும், சேமிப்பு நிறைய ஏறத்தாழ மூன்று மாதமாகும். அதைத் தேநீரோடு மட்டும் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இரவுச் சாப்பாட்டோடு பிள்ளைக்கு ஒரு கோப்பை சாயத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். உங்கள் வீட்டிலும் இருந்தால் அது இரண்டு பக்கமும் கெடுக்கிறது: சாப்பாட்டிலுள்ள இரும்பைத் தடுக்கிறது, அதிலுள்ள கஃபீன் தூக்கத்தையும் தள்ளிப்போடுகிறது. மதியத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம். இரும்பு மருந்தும் சிறு பிள்ளைகள் அதிகமாக விழுங்கினால் ஆபத்தானது, பூட்டி வைக்கும் பெட்டிக்குள் அதுவும் போகட்டும்.

கால் பிரச்சினை இல்லை என்றோ, சரியாகி வருகிறது என்றோ வைத்துக்கொண்டு நேரக் கணக்கைப் பார்ப்போம். அவன் உண்மையில் தூங்குவது 11 மணிக்கு. 8.30க்குப் படுக்க வைப்பதால் இரண்டரை மணி நேரம் விழித்துக் கிடந்து, படுக்கை என்றால் புரளும் இடம் என்று பழகிவிட்டான். முதல் இரண்டு வாரம் மருந்தில்லாமல், அவன் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்த நாட்களில் 10.30க்கு முன் படுக்க வைக்க வேண்டாம், காலை 5.30 என்பது போயா நாளிலும் சனி ஞாயிறிலும் மாறக் கூடாது. விடிந்ததும் சற்று நேரம் வெளியே நிற்கட்டும். பனிமூட்டமாக இருந்தாலும் வெளிவெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு அதிகம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து கைத்தொலைபேசி வேண்டாம். இவ்வளவிலேயே பல பிள்ளைகள் விரைவாகத் தூங்கத் தொடங்குவார்கள், குளிசை தேவைப்படாது.

தேவைப்பட்டால், இரவு 9.45க்குக் கால் பங்குக் குளிசை, 10.30க்கு விளக்கை அணைத்துப் படுக்கை. அரை மணிக்குள் தூங்கினால் மூன்று இரவுக்கு ஒரு முறை இரண்டு நேரத்தையும் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அப்படிப் போனால் ஏறத்தாழ மூன்றரை வாரத்தில் 7.45க்குக் குளிசை, 8.30க்குத் தூக்கம் என்று வந்துவிடும், காலை 5.30 வரை ஒன்பது மணி நேரம் கிடைக்கும். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு அதுவே குறைந்த அளவு. விடியுமுன் வேன் ஏற வேண்டிய பாடசாலை முறை அதற்கு மேல் விட்டுவைப்பதில்லை. ஒரு நாள் குளிசை கொடுக்க மறந்து 11 மணியாகிவிட்டால் அன்று விட்டுவிடுங்கள். பொறுமை இழந்து நடு இரவில் கொடுப்பதால்தான் பல பிள்ளைகள் காலையில் எழும்ப முடியாமல் தவிக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் வைத்தியரிடம் சொல்லி அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை கூட்டலாம். 3 மில்லிகிராமுக்கு மேல் நீங்களாகப் போகக் கூடாது. 3 இலும் தூங்காத பிள்ளைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் மந்தம், தலைவலி, குமட்டல், படுக்கையை நனைத்தல், பயங்கரக் கனவு என்பன தெரிந்தால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். வலிப்பு நோய்க்கோ வேறு எதற்கோ தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளை, இரவில் சத்தமாகக் குறட்டை விடும் பிள்ளை என்றால் தொடங்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓட்டிசம், கவனக்குறைவு மிகைச் செயற்பாடு உள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் வேறு விதமாக, நீண்ட காலம் கொடுப்பதுண்டு. அந்தக் கணக்கை உங்கள் மகனுக்குப் பொருத்த வேண்டாம்.

8.30க்கு ஒழுங்காகத் தூங்கத் தொடங்கி ஓரிரு மாதம் ஆனதும், பாடசாலை விடுமுறையில் ஒரு வாரம் குளிசையை நிறுத்திப் பாருங்கள். தூக்கம் பழையபடி பின்னுக்குப் போகவில்லையென்றால் அதோடு விட்டுவிடலாம். போனால் எந்த அளவில் தூங்கினானோ அதே அளவில் மீண்டும் தொடங்கலாம், கூட்டித் தொடங்க வேண்டியதில்லை. தவறுதலாக ஏதாவது ஒரு பிள்ளை அந்த ஜெலி இனிப்பைப் பல எண்ணம் தின்றுவிட்டு எழுப்ப முடியாமல் தூங்கினாலோ மூச்சு மாறினாலோ வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.