கால் மாட்டும்போது உடைகிற டிவி

65 அங்குல டிவியை மெத்தையில் கவிழ்த்துக் கால் மாட்டினோம். மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் போட்டதும் நடுவிலிருந்து நாலாபக்கமும் கோடு ஓடுகிறது. பேனலே பழுதாக வந்திருக்குமா?

மெத்தைதான் காரணமாக இருக்கும். பேனல் என்பது ஒரு மில்லிமீட்டர்கூட கனமில்லாத இரண்டு கண்ணாடித் தகடுகள். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால், உள்ளே கண்ணாடி விரிசல் விட்டாலும் விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். திருகாணியை முடுக்க நீங்கள் மேலிருந்து அழுத்தும்போது அந்த இடத்தில் மெத்தை அமுங்கும், டிவியும் கூடவே வளையும். கண்ணாடி வளையாது, விரிசல் விட்டுவிடும்.

மெத்தை, சோபா எதுவும் இதற்கு ஆகாது என்று எத்தனை முறைதான் எழுதுவது? திரையைவிடப் பெரிய மேசை வேண்டும். இல்லையென்றால் சமமான தரையே போதும். கெட்டிப் போர்வையை மடிப்பில்லாமல் விரியுங்கள். ரிமோட், திருகாணி ஏதாவது அதன்மேல் கிடக்கிறதா என்று கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். இருவராகத் தூக்கி மெதுவாகக் கவிழ்த்து, இடது கால், வலது கால் குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். எல்லாத் திருகாணிகளையும் முதலில் பாதிவரை ஏற்றிவிட்டு, அப்புறம் கையாலேயே முடுக்குங்கள். டிரில் வேண்டாம். சில மாடல்களில் டிவி தெர்மோகோலில் நிமிர்ந்து நிற்கும்போதே கால் மாட்டச் சொல்லியிருப்பார்கள். கையேட்டில் அந்தப் படம் இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

பெட்டியைப் படுக்கவைத்துப் பிரிக்கலாமா?

கூடாது. நிமிர்த்தி வைத்து, பட்டையை வெட்டி, கீழே ஓரங்களில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றுங்கள். மேல் அட்டை நேராக மேலே வந்துவிடும்.

கொடுத்த திருகாணி தொலைந்துவிட்டது. வீட்டில் இருந்த நீளமானதைப் போட்டேன். பாதிக்குமேல் போகவில்லை, பலமாக முடுக்கலாமா?

உடனே கழற்றுங்கள். நீளத் திருகாணி உள்ளே போர்டையோ பேனலின் பின்புறத்தையோ குத்தும். பெட்டி பிரித்ததுமே திருகாணிப் பையை எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சேவை மையத்தில் மாடல் எண்ணைச் சொல்லி அதே திருகாணியைக் கேளுங்கள்.

அறை மாற்ற வேண்டும். நான் ஒருவனே தூக்கலாமா?

வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒருவராக இருவர் தூக்குங்கள். வயரை எல்லாம் முதலில் கழற்றிவிடுங்கள். ஒரு கை அடிச் சட்டத்தில், இன்னொரு கை பின்பக்கத்தில் இருக்கட்டும். திரையில் விரல் பதியவே கூடாது. டிவி நிமிர்ந்தே போகட்டும்.

பெட்டி ஓரம் நசுங்கியே வந்தது. திரையில் விரிசல். "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்கிறார்கள் கடையில்.

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. எனக்கும் இப்படி ஒன்று வந்தது. உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் விற்றவர் சொன்னார். போட்டுப் பார்த்தால் நசுங்கிய அதே மூலையில் கறுப்புக் கறை. அடிபட்ட உடைசல் வாரண்டியில் வராது, அதனால்தான் பழியை உங்கள்மேல் தள்ளுகிறார்கள். நசுங்கல் தெரியும் பெட்டியின் படம், ரசீது இரண்டையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். அட்டையையும் தெர்மோகோலையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நசுங்கிய மூலையும் விரிசல் தொடங்கும் மூலையும் ஒன்றானால் அதுதான் உங்கள் பலமான சாட்சி.