ரெண்டு கீ, ரெண்டு கருவி: நாலு முறை சோதித்துப் பாருங்கள்

கேள்வி: ரெண்டு செக்யூரிட்டி கீ வாங்கிட்டேன். ஒன்னை லேப்டாப்புக்கும் இன்னொன்னைப் போனுக்கும் பதிவு பண்ணி வச்சுக்கலாமா? லேப்டாப்ல பதிவு பண்ணது போன்ல வேலை செய்யுமா?

பதில்:

அப்படிப் பிரித்து வைக்காதீர்கள். செக்யூரிட்டி கீ என்பது, உள்ளே நுழைவது நீங்கள்தான் என்று தளத்துக்கு நிரூபிக்கும் சின்னக் கருவி. கீ பதிவாவது லேப்டாப்பிலும் இல்லை, போனிலும் இல்லை, உங்கள் கணக்கில். ஒரு தளத்தில் கீயைப் பதியும்போது அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடிச் சாவி உருவாகிறது. ரகசியப் பாதி கீயை விட்டு வெளியே வராது, பொதுப் பாதி மட்டும் தளத்துக்குப் போகும். அதனால் லேப்டாப்பில் பதிந்த கீயை அப்படியே போனில் செருகலாம், மறுபடி பதிய வேண்டியதில்லை. ரகசியப் பாதியை வெளியே எடுக்க முடியாது என்பதால் ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கவும் வழி கிடையாது. ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். வீடு தருமபுரியில், வேலை கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுவது. ஏற்றுமதி ஆர்டர் எல்லாம் ஒரே கூகுள் மெயிலுக்குத்தான் வரும். அதற்காகத்தான் இரண்டு கீ வாங்கினேன். ஒன்று பழைய அகலமான யுஎஸ்பி முனை, இன்னொன்று சி முனை. செருகாமல் போனின் முதுகில் தட்டினாலே வேலை செய்யும் என்எஃப்சி இரண்டிலும் உண்டு. முதலாவது வண்டிச் சாவிக் கொத்தில், இரண்டாவது வீட்டுப் பீரோவில். ஆலையில் எல்லாரும் இதைப் பார்த்ததும் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன் என்றே நினைத்தார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் கையெழுத்துப் போட இது உதவாது. அதைப் போல இரண்டு மூன்று வருஷத்தில் காலாவதியும் ஆகாது.

பதிவை லேப்டாப்பில், ஒரே உட்காரலில், இரண்டு கீக்கும் முடித்துவிடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் `Passkeys and security keys` பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், முதலில் லேப்டாப்பிலேயே சேமிக்கத்தான் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் அந்த ஜோடிச் சாவி, அதாவது பாஸ்கீ, விண்டோஸுக்குள் போய்விடும், கையில் இருக்கும் கீயில் எதுவும் ஏறியிருக்காது. நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். கீயைச் செருகச் சொல்லாமலே வேலை முடிந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். `Use another device` என்பதை அழுத்தி, அடுத்து வரும் விண்டோஸ் பெட்டியில் `Security key` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கீயைச் செருகி, பின் நம்பர் போட்டு, கீயின் மேல் விரலை வைத்தால் பதிவாகும். பட்டியலில் வந்ததும் உடனே பெயரை மாற்றி 'வண்டிச் சாவி', 'பீரோ' என்று வைத்துவிடுங்கள். ஒன்று தொலைந்தால் எதை நீக்குவது என்று அப்போது குழம்ப வேண்டாம்.

அந்தப் பின் நம்பர் கூகுளுடையது அல்ல, கீயினுடையது. புதுக் கீயில் முதல் பதிவின்போது நீங்களே அமைக்கிறீர்கள். குறைந்தது நான்கு எழுத்து. தொடர்ந்து மூன்று முறை தப்பானால் கழற்றி மறுபடி செருகச் சொல்லும். இடையில் ஒருமுறைகூடச் சரியாகப் போடாமல் மொத்தம் எட்டு தப்பு சேர்ந்தால் கீ பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ரீசெட் தவிர வழியில்லை, ரீசெட் செய்தால் அதில் உள்ள பதிவுகள் எல்லாம் போய்விடும். இரண்டு கீக்கும் வேறு வேறு நம்பர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பீரோவில் இருப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தொடுவோம், அந்த நம்பர் ஞாபகத்தில் நிற்காது.

பதிவு முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சோதனை அதற்குப் பிறகுதான். இரண்டு கீ, இரண்டு கருவி, ஆக நான்கு முறை. லேப்டாப்பில் ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள். ஏதாவது மாட்டிக்கொண்டால் அதுதான் கை கொடுக்கும். மறைநிலைச் சாளரம் திறந்து அதில் உள்நுழையுங்கள். சாதாரணச் சாளரத்தில் 'இந்தக் கருவியில் மறுபடி கேட்காதே' என்று எப்போதோ டிக் போட்டிருந்தால் கீயைக் கேட்காமலே உள்ளே விட்டுவிடும், சோதித்ததாக ஆகாது.

எனக்கு லேப்டாப்பில் முதல் கீ உடனே போனது. சி முனைக் கீக்கு என் பழைய லேப்டாப்பில் துளையே இல்லை. கடையில் கிடைக்கும் சிறிய மாற்று முனையை வாங்கிப் போட்டதும் அதுவும் ஏற்றது.

போனில்தான் பாதி நாள் போயிற்று. சி முனைக் கீயைச் செருகினேன், விளக்கே எரியவில்லை. கீ கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். காரணம், போனில் யுஎஸ்பி பொருள்களைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பு அணைந்திருந்தது. சில கம்பெனி போன்களில் செட்டிங்ஸில் போய் அதை இயக்க வேண்டும், பத்து நிமிஷம் சும்மா இருந்தால் தானாகவே அணைந்தும் விடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அகல முனைக் கீயை என்எஃப்சியில் தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. யூபிகீ என்ற பிராண்டில் புதிதாக வரும் கீகளில் வழியில் யாரும் கை வைக்காமல் இருக்க என்எஃப்சியை அடக்கி வைத்தே அனுப்புகிறார்கள். ஒருமுறை யுஎஸ்பியில் மூன்று விநாடியாவது செருகினால்தான் விழிக்கும். என்னுடையதை ஏற்கெனவே செருகியிருந்தேன், ஆக அது காரணமில்லை. தடித்த உறையைக் கழற்றி, போனின் முதுகில் மேல் பாதியில் மெதுவாக நகர்த்தி, ஒரு இடத்தில் அசையாமல் வைத்தபோது டிங் என்றது. ஆனால் பின் நம்பர் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. பாஸ்வேர்டுக்குப் பிறகு கீயை வெறுமனே தொடச் சொல்லும் தளங்களில் தட்டினால் போதும். பின் நம்பர் கேட்கும் உள்நுழைவு என் ஆண்ட்ராய்டு போனில் தட்டலில் நடக்கவில்லை. அதே கீயை ஓடிஜி முனை போட்டுச் செருகியதும் நடந்தது. அந்த முனையையும் சாவிக் கொத்திலேயே மாட்டிக்கொண்டேன். உங்கள் போனில் என்எஃப்சியே இல்லை என்றால் இது கட்டாயம்.

நான்கும் தேறிய பிறகுதான், கீ இல்லாதபோது நுழையக் கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளையும் அச்செடுத்துப் பீரோவில் வைத்தேன், எஸ்எம்எஸ் ஓடிபி வழியை நீக்கினேன். அந்த ஓடிபி வழியை முதலிலேயே நீக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் பிறகு வந்தது. ஆலையில் இருக்கும்போது புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, கையில் இருந்த கீயை மட்டும் பதிந்தேன். பீரோக் கீ தருமபுரியில். சாயந்திரம் பதிந்துகொள்ளலாம் என்று விட்டது மூன்று மாதம் அப்படியே கிடந்தது. அதற்குள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சாவிக் கொத்தே தொலைந்தது. கூகுளில் பீரோக் கீயால் நுழைந்து 'வண்டிச் சாவி'யை நீக்கினேன், இரண்டு நிமிஷ வேலை. அந்தப் புதுக் கணக்கை மீட்கப் பதினொரு நாள் ஆயிற்று. இப்போது கணக்குகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் கீக்கு ஒன்றாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.