குறுக்குக் கோடு போட்ட விலைக்கு பில் இருக்கிறதா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். ஆடிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட வேண்டும். காட்டன் சுடிதார் செட்டை வழக்கமாக 695 ரூபாய்க்கு விற்கிறேன். ஆடிக்கு 595க்குத் தரலாம் என்றிருக்கிறேன். டேக்கில் எம்.ஆர்.பி. 1,495 என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு '60% தள்ளுபடி' என்று போடலாமா? எதிர்க்கடைக்காரர் அப்படித்தான் போடுகிறார். 695லிருந்து 595 என்று உண்மையைப் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

பதில்: போடாதீர்கள். கணக்கில் பிழையில்லை, 1,495இல் 900 போனால் 60 சதவீதம்தான். ஆனால் ஒரு விலையின் குறுக்கே கோடு போட்டுவிட்டால், 'நேற்று வரை இந்தக் கடையில் இது இந்த விலைக்குத்தான் போயிற்று' என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் கடையில் ஒரு செட்கூட 1,495க்குப் போனதில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் மொத்தத்தில் பொய்யாகிவிடும் விளம்பரம் இது.

சட்டமும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), நேர்மையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதில் மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோவது அவற்றில் ஒன்று. 'வழக்கமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. வழக்கமான விலை அன்று. 'எம்.ஆர்.பி. ரூ.1,495, எங்கள் விலை ரூ.595' என்று பெயர் சொல்லி எழுதினாலாவது அது என்ன எண் என்று படிப்பவருக்குத் தெரியும். வெறும் கோடும் '60% தள்ளுபடி'யும் போட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். துணி வியாபாரத்தில் டேக்கில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று மொத்த வியாபாரியே கடைக்காரரிடம் கேட்பதுண்டு. அப்படி வந்த டேக் என்றால், பெயர் சொல்லிப் போட்டாலும் எனக்கு மனம் ஒப்பாது.

சட்டத்தை விடுங்கள். உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் யார்? உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர்கள். தண்டையார்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்து, எம்.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு, ஐந்தாவது கடையில் வாங்குகிறவர்கள். போன மாதம் உங்களிடம் 695க்கு வாங்கிய பெண்மணி, இப்போது 1,495 அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, 'எனக்கு அன்றைக்கே பாதி விலைக்குத் தந்தாரே' என்று மகிழப் போவதில்லை. அடுத்த முறை 595 என்று நீங்கள் உண்மையாகவே குறைத்துச் சொன்னாலும், அதிலும் நூறு ரூபாய் ஏற்றித்தான் வைத்திருப்பார் என்று பேரம் பேசுவார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் மறையாது.

இனி, எந்த விலையை அடிக்கலாம்? பில் புத்தகத்தை எடுத்து, ஆடி விற்பனை தொடங்குவதற்கு முந்தைய 30 நாள் பில்களைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. தள்ளுபடிக்கு முந்தைய 30 நாட்களில் இருந்த ஆகக் குறைந்த விலையைத்தான் 'பழைய விலை' என்று காட்ட வேண்டும். நம் நாட்டில் இப்படி நாள் கணக்கு எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல அளவுகோல் என்பதால் நான் இதையே சொல்வேன்.

பேரம் நடக்கும் கடை என்றால் இங்கே ஒரு சிக்கல் வரும். வாயால் 750 சொல்லி, ஒருவருக்கு 695க்கும் இன்னொருவருக்கு 670க்கும் கொடுத்திருப்பீர்கள். சொன்ன விலை கணக்கில் வராது. கல்லாவில் விழுந்த விலைதான் கணக்கு. பெரும்பாலான பில்கள் 695 என்று இருந்து, ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தவர்களுக்காகக் குறைந்திருந்தால் 695ஐத் தாராளமாக அடிக்கலாம். பாதிக்குப் பாதி 670 என்றால் 670ஐ அடியுங்கள். அந்த பில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். விற்பனை தொடங்குவதற்கு முந்தைய நாள், கடையில் விலை எழுதி வைத்திருக்கும் அட்டையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலோ, வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலோ உங்கள் கையில் இருக்க வேண்டியவை இவைதான். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனு போடக் கட்டணமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 595 ரூபாய்க்கு யார் அலையப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது.

உண்மை விலை சின்னதாகத் தெரிகிறது என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். 695லிருந்து 595 என்பது 14 சதவீதம். '14% தள்ளுபடி' என்று போட்டால் நிச்சயம் எடுபடாது. அதையே 'ரூ.100 குறைவு' என்று போட்டால் கை நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே உண்மை. நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளுக்குச் சதவீதமும், அதற்கு மேலே போனால் ரூபாயும் பெரிதாகத் தெரியும் என்பது விற்பனைத் துறையில் பழகிய வழக்கு. 40 ரூபாய்க் கைக்குட்டையை 30க்குக் கொடுத்தால் '25%' என்று எழுதுங்கள். சுடிதாருக்கு ரூபாயை எழுதுங்கள். எது பெரிதாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

அதைவிட முக்கியமானது, ஏன் குறைக்கிறீர்கள் என்று ஒரு வரி. காரணம் தெரியாத தள்ளுபடியை மக்கள் சந்தேகிக்கிறார்கள். உங்களிடம் காரணம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் அலமாரி காலியாக வேண்டும். அதை அப்படியே எழுதலாம். உங்கள் கையிருப்பில் 40 செட் இருப்பதாக வைத்துக்கொண்டு நான் எழுதினால் இப்படி வரும்:

'காட்டன் சுடிதார் செட்: டாப், பேன்ட், துப்பட்டா.
இதுவரை ரூ.695. ஆகஸ்ட் 16 வரை ரூ.595. ரூ.100 குறைவு.
தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும், அதனால்தான் இந்த விலை.
நீலம், மெரூன் நிறங்களில் மட்டும், மொத்தம் 40 செட். எக்ஸ்எல் அளவில் 6 மட்டுமே.
வரி உள்பட. வீட்டுக்கு அனுப்ப ரூ.60 தனி.'

இதில் கவர்ச்சியான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எக்ஸ்எல் 6 மட்டுமே என்ற வரியைப் பாருங்கள். அளவு கிடைக்காமல் திரும்பிப் போகிறவரின் கோபத்தை அது முன்கூட்டியே தடுக்கிறது; எக்ஸ்எல் வேண்டியவரைச் சீக்கிரம் வரவும் வைக்கிறது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு விதிகளும் இதைக் கேட்கின்றன. குறைந்த விலையைக் காட்டி ஆளை வரவழைத்தால், அந்த விலைக்குக் கொடுக்கப் போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். எண்ணிக்கை உண்மையாக இருக்கட்டும், அவ்வளவுதான். கிடங்கில் ஐந்து மூட்டை வைத்துக்கொண்டு 'கடைசி 3 பீஸ்' என்று போடுவது பொய்யான அவசரம். இணையத்தில் விற்பவர்களுக்கு 2023இல் வந்த விதிகள் அதைப் பெயர் சொல்லியே தடுக்கின்றன.

நிபந்தனைகளைப் பற்றி ஒன்று. 'தள்ளுபடி' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. விளம்பரம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அந்த மொழியில், படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது 2022 விதி. முக்கிய வாக்குறுதிக்கு நேர்மாறாகவும் நிபந்தனை இருக்கக் கூடாது. 'கடை முழுவதும் ரூ.100 குறைவு' என்று மேலே போட்டுவிட்டு, கீழே 'இரண்டு நிறங்களுக்கு மட்டும்' என்று எழுதினால் அது நிபந்தனை ஆகாது, மறுப்பு. 'வரை' என்ற சொல்லும் அப்படித்தான். '50% வரை' என்பதில் 50ஐப் பெரிதாக்கினால் 'வரை'யையும் அதே அளவில் எழுதுங்கள். அதற்குத் துணிவில்லை என்றால் அந்த 50 சதவீதத்துக்கு உங்கள் கடையில் உண்மையிலேயே எத்தனை உருப்படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான். அதிலிருந்து தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, குறைத்த விலையின் மேல் தனியாக வரி போட்டு வசூலிப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால்தான் 'வரி உள்பட' என்று எழுதச் சொன்னேன். பில்லிலும் 595தான் வர வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது ஆடி முடிந்த பிறகு. ஆகஸ்ட் 17 அன்று விலை மறுபடி 695 ஆக வேண்டும். சரக்கு மிச்சமிருந்தால் 'மாத இறுதி வரை நீட்டிக்கிறோம்' என்று ஒரு முறை வெளிப்படையாகச் சொல்லலாம். ஆனால் சொல்லாமலே 595க்கு விற்றுக்கொண்டு செப்டம்பரையும் கடந்துவிட்டால், உங்கள் வழக்கமான விலை 595 ஆகிவிட்டது. தீபாவளிக்கு 695ஐ அடித்துக் காட்டும் உரிமை அதோடு போயிற்று. அப்போது பில் புத்தகத்தில் 30 நாள் பின்னால் போனால் கிடைப்பது 595தான். ஆகவே இந்த 40 செட்டில் எத்தனை மிஞ்சினாலும் பரவாயில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அல்லது 595தான் இனி நிலையான விலை என்று அறிவித்துவிடுங்கள்; அதுவும் நல்ல செய்திதான்.

எதிர்க்கடைக்காரருக்கு உங்கள் பதிவில் பதில் சொல்ல வேண்டாம். அவர் 60% என்று எழுதிவிட்டு முடிவில் 645க்குக் கொடுக்கிறார் என்றால், உங்கள் 595ஐப் படத்திலேயே மிகப் பெரிய எண்ணாகப் போடுங்கள். இந்த வட்டாரத்தில் வாங்குகிறவர்கள் கையை விட்டுப் போகும் பணத்தைத்தான் ஒப்பிடுவார்கள்.

அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது, டேக்கில் 1,495 வேண்டாம், 750 போதும் என்று மொத்த வியாபாரியிடம் சொல்லிவிடுங்கள். இப்போதிருக்கும் சரக்கில் குறைந்த எம்.ஆர்.பி.யை ஸ்டிக்கராக ஒட்டலாம், ஆனால் அச்சடித்த பழைய எண்ணை அது மறைக்கக் கூடாது. அச்சடித்ததைவிடக் கூடுதல் விலையை ஒட்டுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.