காவல் வேலை விட்டு கம்பெனி வேலைக்கு: சி.வி. சுருக்கம் பற்றிய கேள்விகள்

பதில் சொல்பவர் டர்பனில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் நீண்ட காலம் இருக்கும் அக்கா.

சாட்ஸ்வொர்த் வாசகர்: துப்பறியும் பிரிவில் 11 வருடம், வாரண்ட் ஆபீசர். க்ளைம் விசாரணை வேலைக்குப் போடுகிறேன். சுருக்கம்: "நேர்மையும் ஒழுக்கமும் மிக்க முன்னாள் காவல் அதிகாரி. டாக்கெட்டுகளைக் கையாண்டவன்." கார் கடத்தல் கேஸ்தான் அதிகம், ஒரே நேரத்தில் 80 டாக்கெட் கூட இருக்கும். சரியா அக்கா?

தம்பி, முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் சரக்கு முழுக்க இரண்டாவது வரிக்குள் ஒளிந்திருக்கிறது. டாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். ஏ பகுதியில் வாக்குமூலங்கள், பி பகுதியில் அறிக்கைகளும் கடிதங்களும், சி பகுதியில் என்றைக்கு என்ன செய்தீர்கள் என்ற நாட்குறிப்பு. க்ளைம் கோப்பும் கிட்டத்தட்ட இதேதான்: வாடிக்கையாளர் சொன்னது, மதிப்பீட்டாளர் அறிக்கை, விசாரணைக் குறிப்புகள். க்ளைமை மறுத்தால் வாடிக்கையாளர் குறைதீர்ப்பாளரிடம் போவார், அங்கே நிற்கப்போவது அந்தக் கோப்புதான். எனவே கைது எண்ணிக்கையை விட, எதிர்த்தரப்பு பிரித்துப் பார்த்தாலும் நிற்கும் கோப்பு கட்டியவரா என்றுதான் மேலாளர் தேடுவார்.

கார் கடத்தப்பட்டது என்று ஒருவர் சொன்ன நேரத்தில் அவர் போன் வேறு ஊர் டவரில் இருந்தது. இப்படி ஒரு கேஸாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். காப்பீட்டுக்காரர்களுக்கு வேண்டியது அந்தக் கண்தான். இப்படி மாற்றுங்கள்:

"வாகனக் கடத்தல், பொய்ப் புகார் வழக்குகளில் 11 ஆண்டு அனுபவமுள்ள விசாரணையாளர். ஒரே சமயத்தில் 80 கோப்புகள் வரை நடத்தியவர். உறுதிமொழி வாக்குமூலம் எடுத்து, தொலைபேசிப் பதிவுகளோடு ஒப்பிட்டு முரண் கண்டறிவார். சான்றுப் பொருள் கைமாறுவதைப் பதிவேட்டில் காத்து, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்."

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொலைபேசிப் பதிவுகளை "பெறுவேன்" என்று எழுதாதீர்கள். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவில் அரசு வழக்கறிஞர் கேட்டு, நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பிக் கிடைத்தது. கம்பெனிக்கு அந்த வழி இல்லை. "பெறுவேன்" என்று படித்தால், பழைய நண்பரைப் பிடித்து வாங்கப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். "ஆராய்ந்தேன்" போதும்.

ஃபீனிக்ஸ் வாசகர்: ராணுவத்தில் கார்ப்பரல், செக்ஷன் கமாண்டர், காங்கோவிலும் இருந்தேன். என் சுருக்கத்தில் அந்த டாக்கெட் விஷயம் போடலாமா?

டாக்கெட் உங்களுக்கு இல்லை தம்பி. கிடங்கு வேலைக்குத்தானே போடுகிறீர்கள்? எத்தனை பேரை நடத்தினீர்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆயுதம், வாகனம், ரேடியோவைக் குறைவில்லாமல் திருப்பி ஒப்படைத்தீர்களா, அதை எழுதுங்கள். காங்கோ அரை வரி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: ரேங்க் போடாமல் என்ன சுருக்கம்? வங்கிகளின் மோசடி விசாரணைப் பிரிவில் உட்கார்ந்திருப்பதே நம் பழைய ஆட்கள். நான் கேப்டன், அந்த ஒரு வார்த்தைதான் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட வைத்தது.

பாதி சரி அண்ணா. நம் ஆட்கள் கைக்கு வருவதற்கு முன் ஆள் எடுக்கும் பிரிவில் ஓர் இளம்பெண் படிப்பாள், அவளுக்கு கேப்டன் யார் என்று தெரியாது. அதோடு 2010இல் பதவிப் பெயர்களே மாறின. அதற்கு முன் விலகிய இன்ஸ்பெக்டரும் இன்றைய வாரண்ட் ஆபீசரும் ஒரே படி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ரேங்க்கை வேலை வரலாற்றில் எழுதுங்கள், சுருக்கத்தில் வேண்டாம்.

அதே வாசகர்: அந்தப் பெண்ணைத் தாண்டி நேரே அனுப்பினால்?

நேரே அனுப்ப ஆள் தெரிந்தால் போடுங்கள். தெரியாதவர்களுக்கு என் பேச்சு. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

டோங்காட் வாசகர்: ஃபார்மட் அனுப்புங்க அக்கா.

மேலே இருக்கிறது. இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள், அவர்களுக்கும் இதுதான் பதில். அதில் உள்ள 80ஐயும் 11ஐயும் அப்படியே எடுக்காதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

வெருலம் வாசகர்: ராஜினாமா செய்தால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கலாமா?

அது என் துறை இல்லை. அரசு ஊழியர் பென்ஷன் நிதி அலுவலகத்தில் கேளுங்கள், கையெழுத்துப் போடும் முன்.

ஐசிபிங்கோ வாசகி: என் கணவர் பெரிய கேஸ் ஒன்றைப் பிடித்தவர். பத்திரிகையிலும் வந்தது. சம்பந்தப்பட்டவர் பெயரோடு போடலாமா?

கூடாது அம்மா. சாட்சி பெயர், தகவல் சொன்னவர் பெயர், கேஸ் எண், எதுவுமே சி.வி.யில் வரக்கூடாது. பத்திரிகையில் வந்தாலும் சரி. பழைய கோப்பை இங்கே திறந்து காட்டுபவர் நாளை எங்கள் வாடிக்கையாளர் கோப்பையும் திறப்பார் என்று ஒதுக்கிவிடுவார்கள். "பல மாகாணங்களில் நடந்த வாகனத் திருட்டுக் கும்பல் விசாரணையில் பங்கு" என்று எழுதி, அதில் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி சேருங்கள்.