தோஹாவில் மிஞ்சுவதும் முரசுமோட்டையில் மிஞ்சுவதும்

கேள்வி: "ஐயா, நான் ஏழு வருடமாகக் கட்டாரில் ஒரே கொம்பனியில் எலக்றீசியன். சம்பளம் 2,800 ரியால், அதில் பேசிக் 1,600. அறையும் பயணமும் கொம்பனி தரும். மாதம் 1,900 ரியால் வீட்டுக்கு அனுப்புகிறேன். முரசுமோட்டையில் வீடு கட்டி முடித்துவிட்டோம், இரண்டு ஏக்கர் வயல் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். வங்கியில் 25 இலட்சம் வைப்பில் இருக்கிறது, மனைவியின் நகை 3 இலட்சத்துக்கு அடைவில் இருக்கிறது. ஊரில் நாள் கூலி 4,000 ரூபாய்க்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் கொன்றாக்ட் முடிகிறது. திரும்பி வரலாமா, இன்னும் இருக்கலாமா?"

பதில்: இன்னும் ஒரு கொன்றாக்ட், அதாவது இரண்டு ஆண்டுகள், இருந்துவிட்டு வருவதே உங்கள் கணக்குக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உங்கள் மனைவியின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் கடந்த பன்னிரண்டு மாதப் பதிவுகளை ஒருமுறை பார்த்த பிறகே நீங்கள் கையொப்பமிட வேண்டும். ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் தாம் அனுப்பும் தொகையையே தமது சேமிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுப்பிய தொகையில் வீட்டுச் செலவு போக எது மாத முடிவில் அசையாமல் கிடக்கிறதோ அதுவே சேமிப்பாகும்.

உங்கள் கணக்கை ரூபாயில் போட்டுப் பார்ப்போம். ரியாலுக்கு 80 ரூபாய் என்று சற்றுக் குறைத்தே எடுத்தால், நீங்கள் அனுப்பும் 1,900 ரியால் 152,000 ரூபாயாகிறது. உங்களைப் போன்ற நால்வர் குடும்பத்துக்கு, வயல் குத்தகை நெல்லில் சோறு கிடைக்கும் நிலையில், மற்றச் சாப்பாட்டுச் செலவு, பிள்ளைகளின் ரியூசனும் பள்ளி வானும், மின்சாரம், எரிவாயு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், மருந்து, ஊரின் நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். மீதி 57,000. இதில் எவரும் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போது, கொம்பனி ரிக்கற் தந்தாலும்கூட, பெட்டிச் சாமான், கோயில் நேர்த்தி, உறவினர் வீட்டு விசேடம் என்று மூன்று இலட்சம் போய்விடுகிறது. அதை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500 ரூபாய். அதைக் கழித்தால் 44,500 ரூபாய் நிற்கிறது.

இதற்கு மேல், உங்கள் கண்ணில் படாத ஒரு சேமிப்பும் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டாரின் தொழிற் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, சேவை முடியும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது மூன்று வாரத்து அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்கப்பட வேண்டும். 1,600 ரியாலுக்கு அது ஆண்டுக்கு 1,120 ரியால், ரூபாயில் ஏறத்தாழ 90,000. ஏழு ஆண்டுக்கு இப்போதே 6 இலட்சத்துக்கு மேல் உங்களுக்குச் சேர வேண்டியிருக்கிறது. மாதக் கணக்கில் இதையும் சேர்த்தால் உங்கள் உண்மையான சேமிப்பு 52,000 ரூபாய், அதாவது மொத்த உழைப்பில் நூற்றுக்கு 22 அல்லது 23. மோசமான விகிதம் அன்று; ஆனால் 1,900 ரியால் அனுப்புகிறேன் என்று சொல்லும்போது மனதில் எழும் படத்தைவிட இது மிகவும் சிறியது.

இனி ஊர்ப் பக்கத்துக்கு வருவோம். நாள் கூலி 4,000 என்றவுடன் அதை 26 ஆல் பெருக்கி ஓர் இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுவதுதான் திரும்பி வருபவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. வன்னியில் கட்டட வேலை மழையைப் பார்த்து நடக்கிறது. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தை வரைக்கும் அத்திவாரம் வெட்டுவதும் சுவர் எழுப்புவதும் தடைப்படும், சுவர் எழும்பாத வீட்டில் வயரிங் வேலையும் இருக்காது. வெயில் மாதங்கள் எட்டிலும் 21 நாள், மாரி மாதங்கள் நான்கிலும் 12 நாள் என்று எடுத்தால் ஆண்டுக்கு 216 நாள் வருகிறது. அது மாதத்துக்குச் சராசரியாக 72,000 ரூபாய். குத்தகையை நிறுத்தி வயலை நீங்களே செய்து, கால போகத்தில் வீட்டுச் சோற்றுக்கு நெல் வைத்ததும் செலவும் போக ஏக்கருக்கு 50,000 ரூபாய் தேறினால், அதனால் மாதம் 8,000 கூடும். சிறுபோகத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் ஒரு போகத்தை நிலையான வருமானமாக எண்ணக்கூடாது.

ஆகவே வரவு 80,000. செலவோ 95,000 அன்று. நீங்களும் சாப்பிட வேண்டும், வேலைத்தளங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஓட வேண்டும், ஆகவே 118,000 என்று எடுக்கிறேன். மாதம் 38,000 ரூபாய் குறைகிறது. இந்தக் குறை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பரந்து வராது என்பதையும் கவனியுங்கள். வெயில் மாதங்களில் அது 26,000 அளவில் நிற்கும், மார்கழியில் 60,000ஐத் தாண்டும். வன்னியில் பைனான்ஸ் கடன்களும் நுண்நிதிக் கடன்களும் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

இந்தக் குறையை வைப்பின் வட்டியால் நிரப்பலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்கு முன் நகையை மீட்டுவிடுங்கள். அடைவுக்குக் கட்டும் வட்டி, வைப்புக்குக் கிடைக்கும் வட்டியை விட அதிகம். 25 இலட்சத்தை வைப்பில் வைத்துக்கொண்டு 3 இலட்சத்துக்கு நகையை அடைவில் விட்டிருப்பது மாதாமாதம் வலிந்து நட்டப்படுவதாகும். மீதி 22 இலட்சத்துடன் பணிக்கொடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 28 இலட்சம். ஆண்டுக்கு 8 வீத வட்டியில் இது மாதம் 19,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் தரும். வட்டியிலிருந்து வங்கி 10 வீத வரியைக் கழிப்பது 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருந்தாலும், ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், நீங்கள் அந்த எல்லைக்குள்தான் வருவீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாதம் 19,000 ரூபாய் முதலிலிருந்து கரையும்.

வட்டியை நம்பி வாழ்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 தொடக்கத்தில் வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியிருந்தபோது, 25 இலட்சம் வைத்திருந்தவருக்கு மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் வந்தது. அதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள், அடுத்த ஆண்டு வைப்பைப் புதுப்பித்தபோது அதே முதலுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காததைக் கண்டார்கள். அந்த உயர்ந்த வட்டி, 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதம் அளவுக்கு ஏறியதன் நிழலாக வந்தது. அப்போது ரூபாய் விழுந்ததால், டொலருடன் 3.64 என்ற நிலையான விகிதத்தில் கட்டப்பட்டிருக்கும் ரியாலுக்கு உங்களுக்கும் கூடுதலான ரூபாய் கிடைத்திருக்கும். ஆனால் ரூபாய் பின்னர் ஓரளவு மீண்டபோது, கடையில் ஏறிய விலை அதே அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே அடுத்த இரண்டு ஆண்டுகளில் சேர்வதில் ஒரு பங்கை ரூபாய்க்கு மாற்றாமல், தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் இருந்தால் என்ன மாறுகிறது? இன்றைய 22 இலட்சமும் அதன் வட்டியும், மாதம் 44,500 வீதம் சேர்வதும், ஒன்பது ஆண்டுப் பணிக்கொடையும் கூடி ஏறத்தாழ 45 இலட்சம் ஆகும். இன்றைய வட்டி வீதம் நிலைத்தால் அது மாதம் 30,000 ரூபாய் தரும், குறை 8,000 ஆகச் சுருங்கும். ஆயினும் இந்த 30,000ஐயும் முழுதாக உண்ணலாம் என்று நான் சொல்லமாட்டேன். மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கும் 5 வீதப் பணவீக்கம் உண்மையில் வந்தால், 8 வீத வட்டியில் 5 வீதம் முதலின் பெறுமதியைக் காப்பதற்கே வேண்டும். வட்டி மாரி மாதங்களைத் தாண்டுவதற்கு உதவலாம். வெயில் மாதக் குறையை உங்கள் கூலிதான் மூடவேண்டும்.

ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளை முதலைப் பெருக்குவதற்கு மட்டுமல்லாமல் ஊரில் உங்கள் நாள் வருமானத்தை உயர்த்துவதற்கும் பயன்படுத்த வேண்டும். ஊரில் வயரிங் வேலையைக் கூலியாகச் செய்பவருக்கும், பொயின்ற் கணக்கில் தானே பொறுப்பெடுத்துச் செய்பவருக்கும் கிடைப்பதில் பெரிய இடைவெளி இருக்கிறது. சராசரி நாள் வருமானம் 5,500 ஆனால், அதே 216 நாளில் மாதக் குறை 38,000 என்பதிலிருந்து 11,000 ஆக இறங்கிவிடுகிறது. இதற்குச் சான்றிதழ் வேண்டும். கட்டார் அனுபவத்தை மட்டும் வாயால் சொன்னால் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் உங்களிடம் வேலையை ஒப்படைக்கமாட்டார். அடுத்த விடுமுறையில், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம், ஏற்கனவே கற்ற திறனை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் முறைக்கு விண்ணப்பியுங்கள். வேலை செய்த தளங்களின் படங்களையும் கொம்பனியின் அனுபவக் கடிதத்தையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

பொறுப்பெடுத்துச் செய்யும் வேலைக்கு வயரும் சுவிச்சும் வாங்கக் கைப்பணம் தேவைப்படும். உங்கள் வயல் காணி உத்தரவுப்பத்திரத்தில் இருந்தால், அதைத் தனியார் காணி போல நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அப்போது வைப்பை உடைக்காமல், வைப்பின் மேலேயே வங்கியில் சிறு கடன் எடுப்பது மலிவான வழி.

கணக்குப் புத்தகத்தின் நிபந்தனைக்கு வருகிறேன். பன்னிரண்டு மாதத்தில் அங்கே ஐந்து இலட்சத்துக்கு மேல் ஏறியிருந்தால் மேலே சொன்னது பொருந்தும். ஏறியது மூன்று இலட்சத்துக்கும் குறைவு என்றால், நீங்கள் அங்கே இருப்பதன் பலன் பெரும்பாலும் வீட்டுச் செலவாகவே போகிறது என்று அர்த்தம். அப்படியானால் இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதால் பெரிய மாற்றம் வராது. செலவு எங்கே போகிறது என்று மனைவியுடன் ஒரு மாதம் எழுதிப் பார்த்து, அதைக் குறைக்க முடியாவிட்டால், நகையை மீட்டுக்கொண்டு இப்போதே வருவது நல்லது. அப்படி வருவதானால் ஐப்பசியில் வராதீர்கள். மாசி, பங்குனியில் வந்தால் முன்னால் ஏழெட்டு வேலை மாதங்கள் இருக்கும்.

புதுப்பிப்பதென்றால், கையொப்பமிடுமுன் சம்பள உயர்வைப் படியாகத் தராமல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கும்படி கேளுங்கள். பணிக்கொடை கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், 200 ரியால் உயர்வு அங்கே சேர்ந்தால் ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்து 1,260 ரியால் கூடும். அதே 200 சாப்பாட்டுப் படியாக வந்தால் பணிக்கொடையில் ஒரு ரியாலும் கூடாது.