கால் இல்லா ஐந்து

கேள்வி: ரியாத்தில் வேலைக்கு வந்திருக்கிறேன். பல் மருத்துவமனையில் போனில் ‘அஸ்ஸாஅ கம்ஸா இல்லா ருபுஉ’ என்றார்கள். ஐந்தேகாலுக்குப் போனேன், நேரம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை ஹிஜ்ரி தேதி மட்டும் குறித்துக் கொடுத்தார்கள். இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: உங்களுக்குச் சொன்னது நாலே முக்கால். நாம் கடந்த மணியோடு முக்காலைக் கூட்டுகிறோம். அரபியில் வரப்போகும் மணியிலிருந்து காலைக் கழிக்கிறார்கள். ‘இல்லா’ என்றால் கழித்தல். தமிழ்க் காதுக்கு இது வசதிதான்: கால் இல்லா ஐந்து என்றே மனதில் வையுங்கள். ஐந்தேகால் என்றால் ‘கம்ஸா வ ருபுஉ’ என்றிருப்பார்கள். அரைக்கு ‘நுஸ்’, இருபது நிமிடத்துக்கு ‘துல்த்’, அதாவது மணியில் மூன்றில் ஒரு பங்கு. ‘கம்ஸா இல்லா துல்த்’ என்றால் 4.40. குழப்புவது 25 நிமிடம்தான்: 5.25ஐ ‘கம்ஸா வ நுஸ் இல்லா கம்ஸா’, ஐந்தரைக்கு ஐந்து குறைவு, என்பார்கள். ஆகவே ‘வ’வா ‘இல்லா’வா என்று கேட்டபிறகே போனை வையுங்கள்.

எழுத்தில் வரும்போது மணிக்குப் பக்கத்தில் ص இருந்தால் காலை, م இருந்தால் மாலை. அதே م ஆண்டுக்குப் பின்னால் நின்றால் ஆங்கிலத் தேதி. هـ நின்றால் ஹிஜ்ரி. எண்களில் வட்டமாக இருக்கும் ٥ ஐந்து. சுழியம் வெறும் புள்ளி.

ஹிஜ்ரி தேதிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த காலண்டரைப் பார்க்காதீர்கள். மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். பிறை தெரிவதைப் பொறுத்து நாட்டுக்கு நாடு மாறும். சவூதி அலுவலகங்கள் பின்பற்றுவது உம்முல் குரா காலண்டர். ஒரு கணக்கு: ஷவ்வால் 10, 1446. சவூதியில் ஷவ்வால் முதல் பிறை 2025 மார்ச் 30, ஞாயிறு. அதிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள் ஏப்ரல் 8, செவ்வாய். இந்தியாவில் அந்த ஆண்டு ஷவ்வால் முதல் நாளான பெருநாள் மார்ச் 31. ஊர்க் காலண்டரை நம்பியிருந்தால் ஏப்ரல் 9க்குப் போய் நின்றிருப்பீர்கள். மாதப் பெயர்களில் ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என்ற ஜோடியும் ஜமாதுல் அவ்வல், ஜமாதுல் ஆகிர் என்ற ஜோடியும்தான் மாறிப்போகும். ‘அவ்வல்’ முதலாவது, ‘ஆகிர்’ பிந்தியது, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிழமையைச் சேர்த்துக் கேட்டால் தேதிப் பிழை உடனே பிடிபடும். ஞாயிறு ‘அஹத்’, திங்கள் ‘இத்னைன்’, செவ்வாய் ‘துலாதா’, புதன் ‘அர்பிஆ’, வியாழன் ‘கமீஸ்’: ஒன்று முதல் ஐந்துவரையான எண்ணிக்கைதான். ‘கமீஸ்’ கிழமை, ‘கம்ஸா’ மணி. இரவு நேரம் தந்தால் மட்டும் கவனம். மரபுக் கணக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். ‘லைலத்துல் ஜும்ஆ’ என்பது வியாழன் இரவு. அப்போது ‘அத்தாரீக் அல்மீலாதி கம்?’ என்று ஆங்கிலத் தேதியைக் கேட்டுவிடுங்கள். ரமளானில் பல மருத்துவமனைகள் இரவுக்கு மாறுவதால் அந்த மாதம் இதைத் தவறாமல் கேளுங்கள்.