நியமிப்பு அட்டவணை: சராசரி, வழு, முடிவு

கேள்வி: கிளிநொச்சியில உயர்தரம் படிக்கிறன். லாப் அட்டவணையைப் போட்டோ எடுத்தனான். 25.00 மி.லீ. சோடியம் ஐதரொட்சைட்டுக்கு 0.100 மோல்/லீற்றர் ஐதரோகுளோரிக் அமிலம். அளவி வாசிப்புகள் 0.20–24.60, 0.00–24.50, 1.30–25.70, கனவளவுகள் 24.40, 24.50, 25.40. சராசரி, வழு, முடிவு எப்பிடி எடுக்கிறது?

பதில்: நெல் மூட்டையின் நிறையில் வெறுஞ்சாக்கைக் கழிப்பதுபோல, இறுதி வாசிப்பில் தொடக்க வாசிப்பைக் கழித்து வருவதே கனவளவு. மூன்றாவது நிரையைக் கழித்துப் பாருங்கள்: 24.40 தான் வருகிறது. படத்தில் அந்த இலக்கம் தெளிவில்லையென்றால் கொப்பியையே பாருங்கள். திருத்திய சராசரி 24.43 மி.லீ.

வழு என்பது அளவு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற எல்லை. அளவியில் 0.1 மி.லீ. இடைவெளியில் கோடுகள் இருப்பதால் ஒரு வாசிப்பின் வழு ±0.05. கனவளவுக்கு இரண்டு வாசிப்புகள் வேண்டும், ஆகவே ±0.10, அதாவது ஏறத்தாழ 0.4%.

செறிவு 0.100 × 24.43 ÷ 25.00 = 0.0977 மோல்/லீற்றர். 0.100 ஆக இருக்கும்படி கரைசல் தயாரித்திருந்தால் 2.3% குறைவு. வாசிப்பு வழு மட்டும் இதற்குக் காரணமாகாது. நிறுக்கும்போது சோடியம் ஐதரொட்சைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். முடிவில் இதையும் எழுதுங்கள்.

வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் விடை சரி என்று பலர் நினைக்கிறார்கள். கரைசலே பிழையாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் அவை அப்படியே ஒத்துப்போகும்.